பீட்டா ஒரு மாறிலி அல்ல: பால் குளிர்விப்பானில் ஒரு தெர்மிஸ்டரை அளவுதிருத்திய கதை

கடையில் தெர்மிஸ்டர் வாங்கினால் உறையின் மேல் இரண்டு எண்கள் இருக்கும்: 10K, 3950. முதல் எண்ணுக்கு அர்த்தம் எளிது. 25 டிகிரி செல்சியஸில் இதன் மின்தடை பத்தாயிரம் ஓம். இரண்டாவது எண்தான் பீட்டா. வெப்பநிலை மாறும்போது மின்தடை எவ்வளவு வேகமாக மாறும் என்று சொல்வது அது. இந்த இரண்டையும் ஒரு சமன்பாட்டில் போட்டால் மின்தடையிலிருந்து வெப்பநிலை கிடைத்துவிடும். இணையத்தில் கிடைக்கிற பெரும்பாலான நிரல்கள் இதைத்தான் செய்கின்றன.

ஆனால் அந்த 3950 உண்மையில் மாறிலி அல்ல. அது எந்த இரண்டு வெப்பநிலைகளுக்கு நடுவே கணக்கிடப்பட்டதோ, அந்த இரண்டுக்குத்தான் சொந்தம். வேறு இடத்தில் அதே எண்ணைப் பயன்படுத்தினால் அளவீடு தவறும். எவ்வளவு தவறும், எந்தப் பக்கம் தவறும், அதை எப்படிச் சரிசெய்வது என்பதை எங்கள் பக்கத்து வேலை ஒன்றை வைத்து இந்தப் பதிவில் சொல்கிறேன்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில், பாகாலா சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் பசு இல்லாத வீடு குறைவு. காலையும் மாலையும் கறக்கிற பால் மையத்துக்கு வந்து பல்க் கூலர் தொட்டியில் சேரும். கறந்த சூடு ஆறாமல் 30, 35 டிகிரியில் வரும் பாலை 4 டிகிரிக்கு இறக்கி வைத்தால்தான் லாரி வரும்வரை கெடாமல் இருக்கும். அப்படி ஒரு மையத்தில் தொட்டியின் உணரியை மாற்றினார்கள். பொறுப்பாளர் அண்ணன் கூப்பிட்டு, “தம்பி, கம்ப்ரஸர் முன்ன மாதிரி நிக்க மாட்டேங்குது. பால் தொட்டா ஜில்லுனு இருக்கு, ஆனா டிஸ்ப்ளேல நாலுக்கு வரவே மாட்டேங்குது. நீ ஒரு தடவ பாரு” என்றார்.

உணரியைக் கழற்றிப் பனிக்கட்டிக் கலவையில் வைத்துப் பார்த்தேன். திரை 0.8, 0.9 என்று காட்டியது. 0 காட்ட வேண்டிய இடம் அது. பலகையில் உட்கார்ந்திருந்த நிரல் 10000, 3950 என்ற இரண்டு எண்களையே வைத்திருந்தது.

சமன்பாடு

```
1/T = 1/T0 + ln(R/R0) / B
```

இங்கே T, T0 இரண்டும் கெல்வினில் இருக்க வேண்டும், செல்சியஸோடு 273.15 கூட்டினால் கெல்வின். R0 என்பது T0 வெப்பநிலையில் நாம் அளந்த மின்தடை. ln என்பது இயற்கை மடக்கை.

இந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? இந்த வகைத் தெர்மிஸ்டர் மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலந்து சுட்ட மணி. அதற்குள் மின்னூட்டம் ஓர் அயனியிலிருந்து அடுத்த அயனிக்குத் தாவ ஓரளவு ஆற்றல் வேண்டும். வெப்பம் கூடக் கூடத் தாவல் எளிதாகும், மின்தடை இறங்கும். தாவலுக்கு வேண்டிய ஆற்றலை போல்ட்ஸ்மான் மாறிலியால் வகுத்தால் வருவதுதான் பீட்டா. அதனால்தான் அதன் அலகும் கெல்வின். அந்த ஆற்றல் எல்லா வெப்பநிலையிலும் ஒன்றாகவே இருந்தால் பீட்டாவும் மாறாது. உண்மையான பொருளில் அது மெல்ல மாறுகிறது, கூடவே பீட்டாவும் நகர்கிறது. வெப்பநிலை ஏற ஏற பீட்டா சற்று ஏறுவதுதான் நாம் வாங்கும் 10K மணிகளின் வழக்கம்.

புள்ளிகளை எடுப்பது

மாறிலிகளைக் கண்டுபிடிக்க, வெப்பநிலை நிச்சயமாகத் தெரிந்த இடங்களில் மின்தடையை அளக்க வேண்டும். கணக்கைவிட இந்தப் பகுதியில்தான் தவறுகள் அதிகம்.

முதல் புள்ளி 0 டிகிரி. நல்ல தண்ணீரில் செய்த பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி, ஃபிளாஸ்க் நிறைய அடைத்து, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டும். உணரியின் முனை பனிக்கட்டித் துகள்களுக்கு நடுவே இருக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் நாலு கட்டிகளை மிதக்கவிட்டு உணரியை அடியில் தொங்கவிட்டால் அது பூஜ்ஜியம் ஆகாது. நீருக்கு அடர்த்தி அதிகம் இருப்பது ஏறத்தாழ 4 டிகிரியில். அந்த நீர் அடியில் போய்த் தங்கிவிடும். மேலே பனிக்கட்டி மிதக்க, அடியில் உணரி 4 டிகிரியில் இருக்கும். பாலுக்காகச் செய்யும் வேலையில் இதைவிட ஏமாற்றும் தவறு இல்லை.

மேல் புள்ளிக்கு 40 டிகிரியை எடுத்துக்கொண்டேன். மருந்துக்கடையில் கிடைக்கும் டிஜிட்டல் காய்ச்சல் மானி இதற்கு நல்ல துணை. அது வேலை செய்யும் எல்லை குறுகியது. அந்த எல்லைக்குள் நல்ல மானி 0.1 டிகிரி துல்லியம் தரும். ஃபிளாஸ்க்கில் வெந்நீரைக் கலக்கி 40-க்குக் கொண்டுவந்து, உணரியையும் மானியின் முனையையும் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, மெல்லக் கலக்கியபடி அளக்க வேண்டும். காய்ச்சல் மானி தான் கண்ட உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், நீர் ஆறத் தொடங்கிவிட்டால் மானியை அணைத்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

நடுவில் ஒரு புள்ளி வேண்டும். அதற்கு 0.1 டிகிரிக் கோடுகள் உள்ள ஆய்வகக் கண்ணாடி வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி, 25 டிகிரி நீரில் அளந்தேன்.

கொதிநீரிலும் ஒன்று எடுத்தேன், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். கொதிநீர் என்றால் 100 என்று எழுதிவிடக் கூடாது. பக்கத்தில் இருக்கும் காதங்கி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 375 மீட்டர் உயரம். எங்கள் ஊரும் அதை ஒட்டித்தான். இந்த உயரத்தில் தண்ணீர் 98.7 டிகிரி அளவில் கொதித்துவிடும். 300 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஹார்ஸ்லி மலையில் இதே வேலையைச் செய்தால் நாலு டிகிரிக்கு மேல் கணக்கு தவறும்.

கிடைத்த எண்கள் இவை:

| வெப்பநிலை | மின்தடை |
|---|---|
| 0 டிகிரி | 32,150 ஓம் |
| 25 டிகிரி | 9,880 ஓம் |
| 40 டிகிரி | 5,267 ஓம் |
| 98.7 டிகிரி | 695 ஓம் |

25 டிகிரியில் பத்தாயிரம் இல்லை, 9,880. ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு. மலிவான மணிகளில் இது சாதாரணம்.

பீட்டாவைக் கணக்கிடுவது

இரண்டு புள்ளிகள் இருந்தால் போதும்:

```
B = ln(R1/R2) / (1/T1 - 1/T2)
```

0, 40 டிகிரிப் புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். 32,150-ஐ 5,267-ஆல் வகுத்து இயற்கை மடக்கை எடுத்தால் 1.80895. கீழே, 1/273.15-லிருந்து 1/313.15-ஐக் கழித்தால் 0.000467634. வகுத்தால் 3868. இந்தக் கழித்தலில் ஐந்தாறு இலக்கங்களை வைத்துக்கொள்வது முக்கியம். இரண்டும் நெருங்கிய எண்கள் என்பதால் 0.00366, 0.00319 என்று முன்கூட்டியே சுருக்கிவிட்டால் விடை 3849 என்று வந்துவிடும்.

இதையே வேறு வேறு ஜோடிகளுக்குச் செய்து பார்த்தால்:

| புள்ளிகள் | பீட்டா |
|---|---|
| 0 மற்றும் 25 | 3844 |
| 25 மற்றும் 40 | 3915 |
| 25 மற்றும் 98.7 | 3993 |

ஒரே மணி, ஒரே மீட்டர். 3844-லிருந்து 3993 வரை போகிறது. இதில் எது சரியான பீட்டா என்று கேட்பதில் பயனில்லை, மூன்றும் அதனதன் இடத்தில் சரிதான். உறையில் அச்சடித்த 3950-ம் பொய் இல்லை. இந்த 10K, 3950 மணிகளுக்கு வழக்கமாக 25-க்கும் 50-க்கும் நடுவே கணக்கிட்டுப் போடும் எண் அது. பாலைக் குளிர்வித்து வைக்கும் 4 டிகிரி அந்த எல்லைக்குள் இல்லை என்பதுதான் இங்கே சிக்கல்.

இப்போது பல்க் கூலரின் 0.85 டிகிரித் தவறைப் பிரித்துப் பார்க்கலாம். பத்தாயிரத்துக்குப் பதில் 9,880 என்று திருத்தினால் மட்டும் 0-வில் திரை 0.62 காட்டும். அதாவது கால் டிகிரி R0-வால் வந்தது, மீதி 0.6 டிகிரி பீட்டாவால் வந்தது. பால் உண்மையில் 4.0-க்கு வந்த பிறகும் திரை 4.7 என்றே காட்டும். கட்டுப்பாடு கம்ப்ரஸரை நிறுத்தாது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் அது டீசல் செலவு. தவறு எதிர்ப்பக்கம் இருந்திருந்தால் பால் 4.7-ல் இருக்கும்போதே 4 என்று காட்டிக் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அந்தத் தவறு இன்னும் மோசம், பால் திரிந்த பிறகுதான் தெரியவரும்.

எந்தப் புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது

பனிக்கட்டியும் கொதிநீரும் கையில் இருக்கும்போது அவை இரண்டையும் வைத்தே பீட்டாவைக் கணக்கிடத் தோன்றும். அப்படிச் செய்தால் பீட்டா 3946. இதை வைத்து 25 டிகிரி நீரை அளந்தால் 24.3 காட்டும். 40 டிகிரி நீருக்கு 39.1. இரண்டு முனைகளும் துல்லியமாக இருந்தும் நடுவில் முக்கால் டிகிரிக்கு மேல் போய்விட்டது.

0-வையும் 40-ஐயும் வைத்துக் கணக்கிட்ட 3868-ஐப் போட்டால் 4 டிகிரிப் பால் 3.93 என்று வரும். 25 டிகிரி நீர் 24.8 என்று வரும். பால் வேலைக்கு இது போதும். ஆனால் இதே எண்ணோடு கொதிநீரை அளந்தால் 98.7-க்குப் பதில் 101.4 காட்டும். அதே மணியைக் கொண்டுபோய் மாங்கூழ்த் தொழிற்சாலையின் சூடாக்கும் கலத்தில் மாட்டினால், பாலில் சரியாக வேலை செய்த அதே மாறிலி அங்கே மூன்று டிகிரி அளவுக்குத் தவறும்.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சமன்பாடு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அவற்றுக்கு வெளியே, மேலேயும் கீழேயும், உண்மையைவிட அதிகமாகக் காட்டும். ln R-ஐ 1/T-க்கு எதிரே வரைந்தால் பீட்டா சமன்பாடு இரண்டு புள்ளிகள் வழியாகப் போகும் நேர்கோடு; உணரியின் உண்மை வளைவு அந்தக் கோட்டிலிருந்து ஒரே பக்கமாக வளைவதால் வருவது இது. சரிபார்க்க இது நல்ல கருவி. நடுப்புள்ளியில் 0.2 டிகிரி குறைவாக வந்தால் அது பீட்டா சமன்பாட்டின் இயல்பு. அதிகமாக வந்தால் சமன்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். பனிக்கட்டியோ வெந்நீரோ ஏதோ ஒரு புள்ளி தவறாக அளக்கப்பட்டிருக்கிறது, அதைப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. மாறிலியைக் கணக்கிட்ட அதே இரண்டு புள்ளிகளில் திரும்ப அளந்து “சரியாக வருகிறது” என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அந்த இரண்டிலும் சரியாக வரும்படிதான் கணக்கே போட்டோம். மூன்றாவது புள்ளி ஒன்றுதான் சோதனை.

மூன்றாவது மாறிலி எப்போது தேவை

காதங்கியில் இருக்கிறது தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம். 53 மெகாஹெர்ட்ஸ் எம்.எஸ்.டி. ராடாரால் பெயர் பெற்ற இடம். அங்கிருந்து வானிலை பலூன்களும் பறக்கவிடப்படுகின்றன; பல ஆண்டுகள் அவற்றில் போன ஜப்பானிய மெய்செய் ரேடியோசோண்டுகளில் வெப்பநிலையை அளப்பது ஒரு சின்னத் தெர்மிஸ்டர்தான். தரையில் 30 டிகிரியில் கிளம்பும் அது, 17 கிலோமீட்டர் அளவில் இருக்கும் டிரோபோபாஸில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 80 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. நூறு டிகிரிக்கு மேல் விரியும் அந்த எல்லையில் ஒற்றைப் பீட்டா தாங்காது. நம் 3868-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். இதே வகை மணிக்கு உற்பத்தியாளர் தரும் வளைவின்படி பார்த்தால், மைனஸ் 40-ல் அது மைனஸ் 38.5 என்று காட்டும். இன்னும் கீழே போனால் இன்னும் விலகும்.

கடலாய்வாளர்களான ஸ்டைன்ஹார்ட், ஹார்ட் இருவரும் 1968-ல் இதற்கு ஒரு வழி வெளியிட்டார்கள். மடக்கையின் மூன்றாம் அடுக்கையும் சேர்த்துக்கொள்வது:

```
1/T = a + b*ln(R) + c*(ln R)^3
```

மாறிலிகள் மூன்று என்பதால் புள்ளிகளும் மூன்று வேண்டும். 0, 25, 40 டிகிரிப் புள்ளிகளை இதில் போட்டுத் தீர்த்தால்:

```
a = 1.13612e-3
b = 2.33188e-4
c = 9.376e-8
```

இதன்படி 4 டிகிரிக்கு 4.00 வருகிறது. கணக்கில் சேர்க்காத கொதிநீர்ப் புள்ளியிலும் 98.8 வருகிறது, ஒற்றைப் பீட்டா 2.7 டிகிரி தவறிய இடத்தில் இது 0.1-தான் தவறுகிறது. மூன்றாவது உறுப்பு அந்த வளைவை எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

அப்படியானால் எப்போதும் இதையே பயன்படுத்தலாமே? மூன்று புள்ளிகளும் நன்றாக அளந்தவை என்றால் தாராளமாக. ஆனால் இந்தச் சமன்பாடு மூன்று புள்ளிகள் வழியாகவும் கட்டாயமாகப் போகும். 25 டிகிரி அளவீட்டில் அரை டிகிரித் தவறு இருந்தால் அதையும் வளைவாக நினைத்துக்கொண்டு, எல்லைக்கு வெளியே பெரிதாக்கிவிடும். பனிக்கட்டியும் காய்ச்சல் மானியும் மட்டும் நம்பிக்கையாக இருக்கும் இடத்தில் இரண்டு புள்ளிப் பீட்டாதான் பாதுகாப்பு. மையத்தில் நான் போட்டதும் அதுதான்.

பலகையில்

5 வோல்ட்டிலிருந்து ஒரு பத்தாயிரம் ஓம் மின்தடை, அதற்கும் கிரவுண்டுக்கும் நடுவே தெர்மிஸ்டர், நடுப்புள்ளி ஏ.டி.சி.க்கு. நிரலில் மாறியவை மூன்று எண்கள்தான்:

```c
float R = 10000.0 * adc / (1023.0 - adc);
float x = 1.0/273.15 + log(R/32150.0)/3868.0;
float celsius = 1.0/x - 273.15;
```

பழைய நிரலில் T0 298.15 ஆக இருந்தது. அதை 273.15 ஆக்கி, R0-வாக 0 டிகிரியில் அளந்ததைக் கொடுத்தேன். நம் கவலை 4 டிகிரியில் இருக்கும்போது, நிச்சயமான புள்ளி அதன் பக்கத்தில் இருப்பது நல்லது. பத்து பிட் ஏ.டி.சி.யில் 4 டிகிரி அருகே ஒரு டிகிரிக்குப் பத்து எண்ணிக்கை கிடைக்கிறது, அதாவது 0.1 டிகிரிப் படி. அதற்கு மேல் இலக்கம் காட்டுவதில் பயனில்லை.

தொடர் மின்தடை துல்லியமாகப் பத்தாயிரம்தானா என்று பலர் கவலைப்படுவார்கள். தெர்மிஸ்டரின் மின்தடையை இதே பலகை வழியாகவே அளந்து அளவுதிருத்தினால் அந்தக் கவலை வேண்டாம். தொடர் மின்தடை ஒரு சதவீதம் தவறினால் கணக்கிட்ட R எல்லா இடத்திலும் அதே ஒரு சதவீதம் தவறும். R1/R2 என்று வகுக்கும்போது அது அடிபட்டுப் போகும், பீட்டா மாறாது. R0-விலும் அதே தவறு இருப்பதால் அங்கேயும் அடிபடும். மல்டிமீட்டரில் அளந்து, பிறகு பலகையில் மாட்டினால்தான் இரண்டுக்குமான வேறுபாடு உள்ளே வரும்.

தெர்மிஸ்டர் தன் வழியாகப் போகும் மின்னோட்டத்தால் தானே சூடாவதும் உண்டு. இந்தச் சுற்றில் 25 டிகிரியில் அது 0.6 மில்லிவாட். சின்ன மணி காற்றில் தொங்கினால் ஒரு டிகிரி ஏற 2 மில்லிவாட் அளவு போதும், அதனால் 0.3 டிகிரி கூடுதலாகக் காட்டலாம். பாலிலும் நீரிலும் வெப்பம் உடனே கடத்தப்படுவதால் இது வெகுவாகக் குறையும். திரவத்தில் அளவுதிருத்திய உணரியை அப்படியே அறைக் காற்றை அளக்கப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இது காரணம்.

மாறிலிகளால் சரிசெய்ய முடியாத ஒன்று ஈரம். தொட்டியைத் தினமும் கழுவுகிறார்கள். உணரியின் குழாய்க்குள் நீர் கசிந்தால் மணிக்கு இணையாக இன்னொரு பாதை உண்டாகும். அந்தப் பாதை பத்து லட்சம் ஓம் என்று வைத்துக்கொள்வோம். 40 டிகிரியில் மணியின் தடை ஐயாயிரம்தான், கசிவு 0.1 டிகிரி அளவுக்கே தெரியும். 4 டிகிரியில் தடை இருபத்தாறாயிரம். அங்கே அரை டிகிரி கூடுதலாகக் காட்டும். ஆகவே பனிக்கட்டியில் அளவு மெல்ல மேலே நகர்ந்து, வெந்நீரில் ஏறக்குறைய அப்படியே இருந்தால், புதிதாக மாறிலி கணக்கிட உட்காராதீர்கள். உணரியை மாற்றுங்கள் அல்லது உலர்த்தி அடைத்துவிடுங்கள். இரண்டு புள்ளியிலும் ஒரே பக்கமாக நகர்ந்திருந்தால் மட்டுமே திரும்ப அளவுதிருத்துவதில் பொருள் உண்டு.

பலகையின் மூடிக்குள் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன்: “R0 = 32150, 0 டிகிரியில். B = 3868, 0 முதல் 40 வரை.” பீட்டாவை எழுதும் இடத்திலெல்லாம் அதன் எல்லையையும் சேர்த்தே எழுதுங்கள். அடுத்து யாராவது அந்த உணரியைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டும்போது, அந்த எண் அங்கே செல்லுமா செல்லாதா என்பதை அந்தச் சீட்டே சொல்லிவிடும்.